பத்து நிமிடத்தை ஐந்தாக்கியபோது எதை விட்டேன், எதை விடவில்லை

(எமது மாதாந்த வாசிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மே தினக் கூட்டத்தில் நான் பேசிய அந்த ஐந்து நிமிடப் பேச்சு எப்படித் தயாரானது எண்டு இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். வாற மாதங்களில் எங்கட ஆக்கள் கனபேர் தொழிற்சங்கக் கிளைகளிலும் ஆண்டுவிழாக்களிலும் பேசப் போகினம். எல்லா இடத்திலும் "ஐந்து நிமிடம் தாறம்" எண்டுதான் சொல்லுவினம். அதனால் அந்த ஒரு பேச்சை எடுத்து, அதை நான் எப்படி வெட்டினேன், எங்கே பிழை விட்டேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பழைய கதை ஒன்று. நாலு வருசத்துக்கு முன்னால் இதே பொருளில் வேறொரு மண்டபத்தில் பேசினேன். பொருள்: 1948, 1949-இல் மலையக மக்களின் குடியுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. பத்து நிமிடத்துக்கு எழுதிக்கொண்டு போனேன். மேடைக்கு ஏற முதல் தலைவர் காதுக்குள்ள வந்து "அக்கா, ஐஞ்சு நிமிசம்தான்" எண்டார். சரி, வேகமாய் வாசிப்பம் எண்டு நினைச்சன். கோப்பிப் பயிர்ச்செய்கையில் தொடங்கி, மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியாக நடந்துவந்தது, வழியில் செத்துப்போன சனம், கோப்பிக்கு நோய் வந்தது, தேயிலை வந்தது என்று மூச்சு விடாமல் வாசித்துக்கொண்டு வந்து, "1948 நவம்பர் 15" என்று நான் சொல்ல மணி அடிச்சுது. அதோட சரி. நான் சொல்ல வந்தது எட்டாவது நிமிடத்தில் இருந்தது.

அண்டைக்கு என்ர பேச்சை வெட்டியது நான் இல்லை, மணி. மணிக்கு எது முக்கியம் எண்டு தெரியாது. அது எப்போதும் கடைசிப் பகுதியைத்தான் வெட்டும். காலவரிசையில் எழுதினால் கடைசிப் பகுதியில்தான் வாதம் இருக்கும்.

இந்த முறை இரண்டு நாளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். எட்டுப் பேச்சாளர், ஆளுக்கு ஐந்து நிமிடம். பழைய பத்து நிமிடப் பிரதி கையில் இருந்தது. நான் முதலில் செய்தது, ஒரு சொல்லையும் வெட்டாமல், குசினிக்குள் எழும்பி நின்று, மண்டபத்தில் பேசுகிற வேகத்தில் சத்தமாக வாசித்தது. ஒவ்வொரு பந்தி முடியும்போதும் போனில் நேரத்தைப் பார்த்து ஓரத்தில் எழுதினேன். மனதுக்குள் வாசித்தால் கணக்குச் சரிவராது. நான் மனதுக்குள் ஏழு நிமிடத்தில் முடித்த பிரதி, வாயால் வாசிக்க 10 நிமிடம் 35 விநாடி எடுத்தது.

ஓரத்தில் விழுந்த கணக்கு இதுதான். வணக்கமும் நன்றியும் 50 விநாடி. கோப்பி, தேயிலை வரலாறு 2 நிமிடம் 10 விநாடி. 1947 தேர்தல் 1 நிமிடம் 20. சட்டங்களின் விளக்கம் 2 நிமிடம். தமிழ்க் காங்கிரஸ் என்ன செய்தது என்பது 1 நிமிடம் 10. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1 நிமிடம் 15. என்ர அம்மாயியின்ர கதை 50 விநாடி. கடைசிக் கோரிக்கை ஒரு நிமிடம்.

எழுதிப் பார்த்தால் வெட்கமாய் இருந்தது. அதிக நேரம் கோப்பிக்கு. அந்த மண்டபத்தில் ஒருவரும் கோப்பிபற்றி என்னோடு சண்டை பிடிக்கப் போவதில்லை.

பிரதியில் ஏறக்குறைய ஆயிரம் சொல் இருந்தது. அப்படியென்றால் நான் நிமிடத்துக்கு 95 சொல் பேசுகிறேன். இது என்ர வேகம். உங்கட வேகத்தை நீங்கள்தான் அளக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு 475 சொல் எண்டு கணக்குப் போட்டால் அகப்பட்டுப்போவம். கதிரையிலிருந்து எழும்பி மேடைக்குப் போக, மைக்கைப் பதிக்க, இடையில் கைதட்டு விழுந்தால் நிற்க என்று அரை நிமிடம் போய்விடும். ஆகவே நாலரை நிமிடம், 425 சொல். அதுக்கு மேலே ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை இரவு நான் விட்ட பிழையைச் சொல்லவேணும். எல்லாப் பந்தியையும் பாதியாக்குவம், அதுதான் நியாயம் எண்டு நினைச்சன். எட்டுப் பந்தியும் இருந்தது, எல்லாம் மெலிஞ்சு போய். பாதியாக்கும்போது என்ன நடக்குது எண்டால், ஆதாரம் போய் முடிவு மட்டும் மிஞ்சுது. முதல் பிரதியில் இப்படி இருந்தது: "1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் 7 பேர் நாடாளுமன்றம் போனார்கள், 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை." பாதியாக்கிய பிரதியில் அது, "இதனால் மலையக மக்கள் தங்கள் பிரதிநிதித்துவத்தை இழந்தார்கள்" என்று ஆகியிருந்தது. சொல் குறைஞ்சதுதான். ஆனால் இரண்டாவது வசனத்தை எந்த மேடையிலும் எவரும் சொல்லலாம். கேட்கிறவருக்கு மனதில் பிடிக்க ஒன்றுமில்லை. ஏழு பேர் இருந்த இடத்தில் பூச்சியம் என்பது மனதில் நிற்கும்.

அந்த மெலிஞ்ச பிரதியை என்ர மகளுக்கு வாசித்தேன். அவளுக்கு 19 வயது, இங்கே பிறந்தவள், இந்த வரலாறு அவ்வளவாகத் தெரியாது. "ஒரு வசனத்தில் சொல்லு, நான் என்ன சொன்னனான்?" எண்டு கேட்டன். கொஞ்சம் யோசிச்சிட்டு, "பாவம் அம்மா அந்த ஆக்கள்" எண்டாள்.

அது என்ர வாதம் இல்லை. பாவம் எண்டு சொல்ல வைக்கிறதுக்கு நான் மேடை ஏறத் தேவையில்லை.

அப்ப வாதம் என்ன? அதை எழுதத்தான் சனிக்கிழமை காலை முழுக்கப் போனது. முதலில் எழுதியது: "மலையகத் தமிழரின் குடியுரிமைப் பறிப்பு வரலாறு." இது தலைப்பு. இதோடு ஒருவரும் முரண்பட முடியாது. மண்டபத்தில் ஒருவராவது எழும்பி "நான் இதை ஏற்கமாட்டன்" எண்டு சொல்லக்கூடிய வசனமாய் இருந்தால்தான் அது வாதம். இரண்டாவதாக எழுதியது: "சிங்களப் பேரினவாதம் மலையகத் தமிழரின் உரிமையைப் பறித்தது." இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதோட என்ர பத்து நிமிடப் பிரதியில் இருந்த தமிழ்க் காங்கிரஸ் பந்திக்கு இந்த வசனத்துக்குள் இடமே இல்லை. அப்பதான் விளங்கினது, நான் சொல்ல வந்தது வேற எண்டு.

மூன்றாவதாக வந்தது இது: "1948, 1949-இல் பறிக்கப்பட்டது தமிழரின் வாக்கு மட்டுமில்லை, தொழிலாளரின் வாக்கு, அதனால்தான் சொத்துள்ள தமிழ்த் தலைமையின் ஒரு பகுதியும் அதற்குக் கைகொடுக்க முடிந்தது, அதனால்தான் குடியுரிமை திரும்பக் கிடைத்த பிறகும் காணி கிடைக்கவில்லை."

கொஞ்சம் நீளம்தான். ஆனால் இதை ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில ஒட்டிப்போட்டு, எட்டுப் பந்தியையும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரே ஒரு கேள்விதான்: இந்தப் பந்தி இல்லாவிட்டால், எதிர்க்கிற ஒருவரால் துண்டில் இருக்கிற வசனத்தைச் சாய்க்க முடியுமா? முடியும் என்றால் பந்தி இருக்கவேண்டும். முடியாதென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் போகவேண்டும்.

கோப்பி போனது. 2 நிமிடம் 10 விநாடியும் முழுதாக. எனக்கு அதில் பிடிச்ச வசனங்கள் இருந்தன, மாத்தளைப் பாதை பற்றியது. அழுதழுதுதான் வெட்டினேன் எண்டு சொல்லமாட்டன், ஆனால் இரண்டு தரம் திரும்ப ஒட்டிப் பார்த்தேன். அதிலிருந்து வாதத்துக்குத் தேவையானது ஒரே ஒரு தகவல்: இந்தச் சனம் 1948-இல் நேற்று வந்தவர்கள் இல்லை, பல தலைமுறையாக அங்கே இருந்தவர்கள். அது வேறு வசனத்துக்குள் மூன்று சொல்லாகப் போய் உட்கார்ந்தது.

வணக்கம் 50 விநாடி. இது எங்கட மேடைப் பழக்கம். தலைவர் அவர்களே, முன்னர் பேசிய தோழர் அவர்களே, ஏற்பாட்டுக் குழுவினரே, தாய்மாரே எண்டு ஒரு பட்டியல். "தோழர்களே, வணக்கம்" எண்டால் போதும், ஐந்து விநாடி. ஒருவரும் கோவிக்கேல்லை. ஒருவேளை கோவிச்சிருப்பினம், எனக்குச் சொல்லேல்லை.

சட்டம்தான் கஷ்டம். இரண்டு நிமிடம் விளக்கியிருந்தேன்: 1948 குடியுரிமைச் சட்டம், 1949 இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், அதே 1949-இல் தேர்தல் சட்டத் திருத்தம். இது வாதத்தின் தூண். எடுக்க ஏலாது. ஆனால் சட்டத்தைச் சட்டமாக விளக்கினால் மூன்று சட்டத்துக்கும் மூன்று பந்தி வேண்டும். அப்போதுதான் பிரதியின் வேறொரு மூலையில் சும்மா இருந்த அம்மாயியின் கதை கண்ணில் பட்டது. அது அங்கே உணர்ச்சிக்காக மட்டும் இருந்தது. அதைத் தூக்கி முதலில் வைத்து, சட்டத்தை அதுக்குள்ளேயே சொன்னேன். அந்தப் பகுதியை அப்படியே வாசிக்கிறேன்:

"என்ர அம்மாயி தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவ. அவவின்ர அப்பாவும் அங்கேயே பிறந்தவர். 1948-இல் வந்த சட்டம் அவவிடம் ஒரு கேள்வி கேட்டது: உன் அப்பா இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே? இல்லாட்டி அப்பாவின் அப்பாவும், அவருடைய அப்பாவும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே? லயத்தில் பிறந்த பிள்ளைக்கு எவர் துண்டு எழுதி வைத்தது? கொழும்பில் காணி வைத்திருந்தவரிடம் துண்டு இருந்தது. கொழுந்து பறித்தவவிடம் இல்லை. அடுத்த வருடம் இன்னொரு சட்டம்: குடிமகன் இல்லாதவருக்கு வாக்கு இல்லை."

இது கேள்வியாய் நிற்பதால் சட்ட இலக்கமும் பிரிவும் தேவைப்படவில்லை. சட்டத்துக்கு 2 நிமிடமும் கதைக்கு 50 விநாடியும் எடுத்த இடத்தில், தொடர்ந்து வந்த மிச்சத்தையும் சேர்த்து 70 விநாடி. அதோடு, "கொழும்பில் காணி வைத்திருந்தவர், கொழுந்து பறித்தவர்" என்ற இடத்தில் வர்க்கம் என்ற சொல்லைச் சொல்லாமலே வர்க்கம் வந்துவிட்டது. உதாரணத்தை விளக்கத்துக்குப் பின்னால் தொங்கவிட்டால் நேரம் கூடும். உதாரணமே விளக்கத்தின் வேலையைச் செய்தால் குறையும். ஆனால் உதாரணம் சரியான உதாரணமாய் இருக்கவேணும். என்ர சித்தப்பாவின் கதை இன்னும் உருக்கமானது. அவர் 1970-களில் கப்பலேறி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர். அது 1964 ஒப்பந்தத்தை விளக்கும், 1948-ஐ விளக்காது. அதனால் எடுக்கவில்லை.

1947 பந்தியில் எண்கள் கனக்க இருந்தன. 95 தொகுதி, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42, சமசமாஜக் கட்சிக்கு 10 என்று போகும். இரண்டை மட்டும் வைத்தேன்: 7, பூச்சியம். அதோடு ஒரு வசனம், தோட்டத் தொழிலாளர்கள் வேறு தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களுக்கும் வாக்களித்தார்கள் என்பது. இந்த இடத்தில் நான் விட்ட இன்னொரு பிழையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது வெளியில் தெரியாத பிழை. சொல் குறைக்கிறதுக்காகச் சின்னச் சொற்களை அடிச்சுக்கொண்டு வந்தேன். அடிச்ச பிறகு இப்படி நின்றது: "1947-இல் 7 பேர் வென்றார்கள். இடதுசாரிகளுக்கும் வாக்களித்தார்கள். 1948-இல் சட்டம் வந்தது." எல்லாத் தகவலும் இருக்கு. வாதம் எங்கே? அது நான் அடிச்ச "அதனால்தான்" என்ற சொல்லுக்குள் இருந்தது. "இப்படி வாக்களித்தார்கள், அதனால்தான் சுதந்திரம் கிடைத்த அதே வருடம் இந்தச் சட்டம் அவசரமாக வந்தது" என்று திரும்பப் போட்டேன். அதனால், ஆனால், ஏனென்றால், இருந்தும் எண்ட சொற்களை முதல் நாளே வட்டம் போட்டு வையுங்கோ. அடிக்கிற கை அதுக்குக் கிட்டப் போகாமல் இருக்கும். அடிக்க விருப்பமெண்டால் கொடூரமான, மனிதாபிமானமற்ற, வரலாறு காணாத என்ற சொற்களை அடியுங்கோ. என்ர பிரதியில் அப்படி இருபதுக்கு மேல் இருந்தது. ஆனால் அதை அடிச்சுக் கிடைக்கிறது கால் நிமிடம்தான். அதை வைத்து ஐந்து நிமிடத்தைப் பிடிக்க ஏலாது, பந்தி போகத்தான் வேண்டும்.

இப்ப தமிழ்க் காங்கிரசுக்கு வாறன். ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒரு தோழர் சனிக்கிழமை போன் எடுத்து, "அக்கா, நேரமும் இல்லைத்தானே, பொன்னம்பலத்தின்ர கதையை இந்த முறை விடுவமே. வயசான ஆக்கள் கனபேர் வருவினம்" எண்டார். நல்ல மனசோடுதான் சொன்னார். நானும் ஒரு கணம் "ஓம், நேரம் இல்லைத்தான்" எண்டு நினைச்சன். 1 நிமிடம் 10 விநாடி, விட்டால் எவ்வளவு வசதி. பிறகு கதவில ஒட்டியிருந்த துண்டைப் பார்த்தன். அந்தப் பந்தி போனால் "அதனால்தான் சொத்துள்ள தமிழ்த் தலைமையும் கைகொடுத்தது" என்ற நடுத்துண்டு போகும். அது போனால் மிஞ்சுவது எல்லோரும் தலையாட்டுகிற இரண்டாவது வசனம். நேரம் போதாது எண்டு நாங்கள் விடுகிற பந்தி, பெரும்பாலும் சங்கடமான பந்தியாத்தான் இருக்குது. கோப்பியை விடச் சொல்லி ஒருவரும் எனக்குப் போன் எடுக்கேல்லை.

வைத்திருப்பது என்று முடிவெடுத்த பிறகும் ஒரு சிக்கல். சுருக்கமாகச் சொல்ல மிக இலகுவான வழி, "மலையக மக்களின் குடியுரிமையைப் பறிக்கத் தமிழ்க் காங்கிரஸ் வாக்களித்தது" என்பது. ஏழு சொல், நாலைந்து விநாடி. ஆனால் அப்படிச் சொன்னால் பிழை. 1948 ஆகஸ்டில் வந்த முதலாவது சட்டத்துக்கு ஜி.ஜி. பொன்னம்பலம் எதிராக வாக்களித்தார். அதற்குச் சில வாரங்களில் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தார். சேர்ந்த பிறகு இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தை ஆதரித்தார். கட்சிக்குள் எல்லோரும் அவரோடு போகவில்லை. செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இதில் எந்தத் துண்டை எடுத்தாலும் மிச்சம் பொய்யாகும். எதிர்த்து வாக்களித்ததை எடுத்தால் அவருக்கு அநியாயம். அமைச்சரவையை எடுத்தால் ஏன் மாறினார் என்பது தெரியாது. செல்வநாயகத்தை எடுத்தால் தமிழர் எல்லோரும் ஒரே பக்கம் நின்றது மாதிரி ஆகும்.

எத்தனையோ தரம் முயற்சித்தேன், 45 விநாடிக்குக் கீழே அது இறங்கவில்லை. சில விசயம் அப்படித்தான், ஓரளவுக்குக் கீழே சுருக்கினால் சுருங்காது, உடையும். அந்த 45 விநாடியை அப்படியே கொடுத்துப்போட்டு வேறு இடத்தில் வெட்டினேன்.

வேறு இடம் எண்டால் 1964. ஒரு நிமிடம் 15 விநாடி. இதில் எனக்கும் இங்கே இருக்கிற ஒரு தோழருக்கும் சண்டை வந்தது, அவர் சொல்லலாம் எண்டவர், அதனால் சொல்கிறேன். 1964 ஒப்பந்தத்தில் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் கணக்குப் பார்க்கப்பட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் இந்தியாவுக்கு, 3 லட்சம் இலங்கைக்கு, மிச்சம் ஒன்றரை லட்சம் பிறகு பார்ப்போம் என்று. அந்தச் சனத்திடம் ஒருவரும் கேட்கவில்லை. கேள்வியின்படி பார்த்தால் இந்தப் பந்தி இல்லாமலும் என்ர வசனம் நிற்கும், அது 1948, 1949 பற்றியது. ஆகவே முழுதாக வெட்டினேன். தோழர் பிரதியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொன்னம்பலத்துக்கு 45 விநாடி, என்.எம். பெரேராவுக்கு ஒன்றும் இல்லையோ? ஒப்பந்தம் எழுதும்போது அவர் நிதி அமைச்சர். மற்றவையின்ர கறையை வைத்துக்கொண்டு எங்கட கறையைத்தான் நேரம் இல்லை எண்டு வெட்டுறீங்கள்."

எனக்குக் கோவம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது. நான் ஏற்பாட்டுக் குழுத் தோழரைப் பற்றி நினைச்சதையே இவர் என்னைப் பற்றி நினைச்சிருக்கிறார். என்ர கேள்வி தர்க்கத்துக்குச் சரி. ஆனால் எந்தப் பந்தி வாதத்தைத் தாங்குது எண்டு மட்டும்தான் அது பார்க்கும். மண்டபத்தில் பேசுகிறவர் எவர் எண்டு பார்க்காது. இடதுசாரி மேடையில் இடதுசாரி ஒருத்தி பேசும்போது அந்த விடுபாடு ஒரு பொருளைக் கொடுக்கும்.

அதற்காக 75 விநாடியையும் திரும்பப் போட முடியாது. ஒரு வசனம் போட்டேன்: "1948-இல் எங்களுக்காக எதிர்த்து வாக்களித்த இடதுசாரிகள், 1964-இல் எங்களில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை அனுப்ப ஒப்பந்தம் போட்ட அரசில் அமைச்சர்களாக இருந்தார்கள்." 12 விநாடி. மிச்சத்தை ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன், கேள்வி வந்தால் எடுக்க. வெட்டியது எல்லாம் குப்பைக்குப் போகத் தேவையில்லை, கனக்க விசயம் கேள்வி நேரத்தில்தான் நல்லாய்ப் பொருந்தும்.

கோரிக்கைப் பந்தி ஒரு நிமிடம் இருந்தது, 55 விநாடியாகத்தான் குறைந்தது. 2003-இல் வந்த சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. லயத்தில் இருக்கிற குடும்பத்துக்குக் காணி உறுதி இன்னும் கேள்வியாகவே இருக்கு. நாங்கள் இங்கே நடத்துகிற ஒவ்வொரு நினைவுக் கூட்டத்திலும் அந்தக் கோரிக்கை இருக்கவேண்டும். இதைக் குறைக்கலாம் எண்டு சிலர் சொல்லுவினம். ஆனால் ஐந்து நிமிடப் பேச்சில் சனம் வீட்டுக்குக் கொண்டுபோவது கடைசி ஒரு நிமிடத்தை.

கூட்டிப் பார்த்தேன்: வணக்கம் 5, அம்மாயியும் சட்டமும் 70, 1947 65, தமிழ்க் காங்கிரஸ் 45, 1964 12, கோரிக்கை 55. மொத்தம் 252 விநாடி, அதாவது 4 நிமிடம் 12. ஏறக்குறைய 400 சொல். மகளுக்குத் திரும்ப வாசித்தேன், அதே கேள்வி. இந்த முறை உடனே சொன்னாள்: "அப்ப எங்கட ஆக்களும் சேர்ந்துதான் செய்தவையா?"

"ஒரு பகுதி" எண்டன்.

"ஏன்?" எண்டாள். அந்த "ஏன்" வந்தபோதுதான் பிரதியை மடிச்சு வைத்தேன்.

இன்னும் ஒன்று. மேடைக்குப் போனபிறகு நாலு நிமிடமாக்கிப் போடுவினம், அது எங்கட கூட்டங்களில் வழமை. அதற்கு முதலே எதை விடுவது என்று முடிவெடுத்து ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன்: 1947 பந்தியின் இரண்டாம் பாதி, கால் நிமிடம். மேடையில் நின்றுகொண்டு முடிவெடுக்கப் போனால், கை தானாக அந்தச் சங்கடமான பந்திக்குத்தான் போகும். பிரதியின் நடுவில் "2.20" என்று பெரிதாக எழுதியிருந்தேன். அந்த இடத்துக்கு வரும்போது மணிக்கூட்டைப் பார்த்து, பிந்தியிருந்தால் கோடு போட்டதை விட்டுவிடுவது. அண்டைக்குத் தேவைப்படவில்லை.

மண்டபத்தில் மணி அடிக்க முதல் முடிச்சன். இறங்கி வந்து தண்ணி குடிக்கேக்க முன்வரிசையில் இருந்த ஒரு ஐயா, எழுபத்தைந்து எண்பது வயசிருக்கும், பொல்லை ஊன்றிக்கொண்டு கிட்ட வந்தார்.

"பிள்ளை, ஜீ.ஜீ. ஏன் அமைச்சரவைக்குப் போனவர் எண்டு உங்களுக்கு முழுக்கத் தெரியுமோ? அவருக்கும் ஒரு நியாயம் இருந்தது."

"சொல்லுங்கோ ஐயா" எண்டன்.

"பிள்ளை சொன்னது பிழை எண்டு சொல்லேல்லை. எதிர்த்து வாக்களிச்சதையும் சொன்னனீங்கள், அதைக் கவனிச்சனான். ஆனா 'சொத்துள்ள தலைமை' எண்டதை நான் ஏற்கமாட்டன்."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தம். அடுத்த மூன்று பேச்சாளரும் பேசி முடிக்கும்வரைக்கும் இரண்டு பேரும் மெல்லிய குரலில் சண்டை பிடிச்சம். 1964 எழுதின அட்டையை ஒருகட்டத்தில் அவர் கேட்டு வாங்கிக்கொண்டு போட்டார். இன்னும் திருப்பித் தரேல்லை.